எரிமலை வெட்டுப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பையனுக்கு எரிமலையின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள் சார். கட்டாயம் எதெல்லாம் வேண்டும்?"

கீழேயிருந்து மேலே வரைந்துகொண்டு போகச் சொல்லுங்கள். அடியில் உருகிய பாறைக்குழம்பு தங்கும் மாக்மா அறை. அதிலிருந்து மேலே ஏறும் குழாய். குழாய் வெளியே திறக்கும் இடம் துளை. துளையைச் சுற்றி உச்சியில் இருக்கும் குழி எரிமலைப் பள்ளம். மலையின் உடம்பில் மாறி மாறி வரும் லாவா அடுக்குகளும் சாம்பல் அடுக்குகளும். உச்சிக்கு மேலே சாம்பல் மேகம். இடம் இருந்தால் பக்கவாட்டில் ஒரு கிளைக் குழாயும் அதன் முனையில் ஒரு சின்னக் கூம்பும் போடலாம்.

வரைகிற வரிசை முக்கியம். எல்லாரும் முதலில் முக்கோணமாக மலையை வரைந்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் அறையைத் திணிக்கிறார்கள். உண்மையில் அறை முதலில் வந்தது, மலை பிறகு வந்தது. மலை முழுக்கவே அந்த அறையிலிருந்து வெளியே வந்து விழுந்த பொருள்தான். இதைப் பிடித்துக்கொண்டால் படத்தில் உள்ள ஒவ்வொரு கோடும் ஏன் அங்கே இருக்கிறது என்று தானாகப் புரியும்.

"மாக்மா அறையை ஒரு பெரிய குகை மாதிரி வரைந்து உள்ளே சிவப்பாக நிரப்பியிருக்கிறார்கள். பூமிக்குள் அப்படித்தான் இருக்குமா?"

இருக்காது. காலி இடம் ஒன்று இருந்து அதில் குழம்பு வந்து நிரம்பியதாக நினைக்க வேண்டாம். பல கிலோமீட்டர் ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் எடை தாங்காமல் எந்தக் குகையும் நசுங்கிவிடும். பாறைக்குழம்பு தனக்கான இடத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. விரிசலுக்குள் நுழைகிறது, பக்கத்துப் பாறையைத் தள்ளுகிறது, கொஞ்சம் உருக்கியும் விடுகிறது. பல முறை இப்படி வந்து சேர்ந்ததுதான் அறை.

அதோடு, அதில் முழுக்கத் திரவம் இருப்பதும் அரிது. பெரும்பகுதி படிகங்கள், அவற்றின் இடுக்குகளில் உருகிய குழம்பு என்ற நிலையில்தான் நெடுங்காலம் கிடக்கும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிமலைக்கு அடியில் நிலநடுக்க அலைகளை வைத்துக் கணக்கிட்டபோது, மேல் அறையில் உருகிய பங்கு 16 முதல் 20 சதவீதம் என்று வந்தது. மிச்சம் எல்லாம் சூடான திடப் படிகம். நிலநடுக்க அலைகளில் எஸ் அலைகள் என்ற வகை திரவத்துக்குள் போகாது, உருகிய பங்கு கூடக்கூட வேகமும் குறையும் என்பதால் இந்தக் கணக்கைப் போட முடிகிறது. அறைக்குள் யாரும் இறங்கிப் பார்த்ததில்லை. அலை எங்கே மெதுவானது என்பதை வைத்தும், வெளியே வந்து விழுந்த கற்களை வைத்தும்தான் அறையின் உருவத்தைச் சொல்கிறோம்.

படத்தில் இதைக் காட்ட விரும்பினால், அறையின் ஓரத்தையும் அடியையும் புள்ளிகள் வைத்து அடர்த்தியாக்குங்கள், மேற்பகுதியை மட்டும் வெறும் சிவப்பாக விடுங்கள். மேலே சிவப்பாக விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கனமான படிகங்கள் அடியில் தங்குகின்றன. படிகமாகாமல் மிஞ்சும் இலேசான குழம்பும், அதில் கரைந்திருக்கும் நீராவி போன்ற வாயுக்களும் மேலே சேர்கின்றன. ஆக, ஓர் அறைக்குள்ளேயே மேலே ஒரு வகைக் குழம்பும் கீழே வேறு வகைக் குழம்பும் இருக்கலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சாம்பல் அடுக்கைப் படிக்கும்போது இது தேவைப்படும்.

"துளை, குழாய், பள்ளம் மூன்றும் ஒன்றுதானே? பரீட்சையில் எதைக் குறித்தால் மார்க்?"

மூன்றும் வேறு. குழாய் என்பது அறையிலிருந்து மேலே வரும் வழி. துளை என்பது அந்த வழி வெளியே திறக்கும் வாய். பள்ளம் என்பது வாயைச் சுற்றி வெடித்தும் சரிந்தும் உண்டான குழி. துளைக்கு அம்புக்குறி போடும்போது முனை சரியாகக் குழாயின் மேல் முனையைத் தொட வேண்டும். பள்ளத்துக்கு அம்புக்குறி குழியின் உள்சுவரைத் தொட வேண்டும். பாதி மாணவர்கள் இரண்டையும் ஒரே இடத்தில் முடிக்கிறார்கள்.

துளை எப்போதும் ஒரே அளவில் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெடிப்பின்போது வேகமாக ஏறும் குழம்பும் வாயுவும் குழாயின் சுவரை அரித்துப் பிய்த்துக்கொண்டு வரும். மணிக்கணக்கில் அது நடந்தால் துளை அகலமாகும். அகலமானால் வெடிப்பின் குணமே மாறும். அப்படிப் பிய்ந்து வந்த சுவர்த் துண்டுகள் சாம்பலோடு சேர்ந்து வெளியே விழுந்து கிடக்கும். குழாய் எந்தெந்தப் பாறை வழியாக வருகிறது என்பதற்கு அந்தத் துண்டுகளே சாட்சி.

"மலைக்குள் கோடு கோடாக அடுக்கு வரைந்திருப்பது அழகுக்கா, இல்லை நிஜமாகவே அப்படி இருக்குமா?"

நிஜமாகவே இருக்கும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு வெடிப்பு, அல்லது ஒரு வெடிப்பின் ஒரு கட்டம். லாவா வழிந்தால் கெட்டியான பாறை அடுக்கு. வெடித்துச் சிதறினால் சாம்பலும், குமிழித் துளைகள் நிறைந்த இலேசான நுரைக்கல்லும் கலந்த பொலபொலப்பான அடுக்கு. சாம்பல் மட்டும் இருந்தால் மழை அரித்துக்கொண்டு போய்விடும். நடுநடுவே லாவா வந்து மூடிப் பிடித்துக்கொள்வதால்தான் மலை செங்குத்தாக உயர முடிகிறது.

படங்களில் விட்டுப்போகும் ஒன்று உண்டு. இரண்டு சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே சில இடங்களில் கறுப்பாகவோ பழுப்பாகவோ மண் அடுக்கு இருக்கும், அதில் வேர்த்தடம்கூட இருக்கும். எரிமலை நெடுங்காலம் சும்மா இருந்து, செடி முளைத்து, மண் உண்டாகி, அப்புறம் மறுபடி வெடித்திருக்கிறது என்று அர்த்தம். சாம்பலின் தடிமன் வெடிப்பின் அளவைச் சொல்கிறது என்றால், நடுவில் இருக்கும் மண் அமைதியான காலத்தைச் சொல்கிறது. நான் மாணவர்களிடம் இந்த மண் அடுக்கை ஒரு மெல்லிய பழுப்புக் கோடாகப் போடச் சொல்வேன். பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் போடலாம், தப்பில்லை.

"அடுக்கைப் பார்த்துக் கதை சொல்லலாம் என்கிறீர்கள். ஒரு எரிமலையை எடுத்து முழுசாகச் சொல்லுங்களேன்."

வெசுவியஸை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் இருக்கிறது. கி.பி. 79இல் வெடித்து பாம்பேய் நகரத்தை மூடியது. எரிமலையிலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தென்கிழக்கே இருந்த அந்த நகரத்தை இன்றைக்கு வெட்டிப் பார்த்தால், அடியில் ரோமானியர்கள் நடந்த தெரு. அதன்மேல் வெள்ளை நுரைக்கல், ஒரு மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக. அதற்கு மேல் சாம்பல் நிற நுரைக்கல், அதுவும் ஏறக்குறைய அதே தடிமன். அதற்கும் மேல் பொடிச் சாம்பல் அடுக்குகள் பல. வெள்ளைக்கும் சாம்பல் நிறத்துக்கும் நடுவே உள்ள எல்லையைச் சாதாரணக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே வெடிப்பில், சில மணி நேர இடைவெளியில் நிறம் மாறியிருக்கிறது.

ஏன் மாறியது? மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வரும் சரக்கு லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரியில் மேலே இருக்கும் மூட்டையைத்தான் முதலில் இறக்குவார்கள், அது தரையில் அடியில் போய்விடும். லாரியின் அடியில் இருந்த மூட்டை கடைசியில் வந்து மேலே உட்காரும். மாக்மா அறையும் அப்படித்தான் காலியாகிறது. அறையின் மேற்பகுதியில் இருந்த வெளிர்நிறக் குழம்பு முதலில் வெளியே வந்தது, ஆகவே தரையில் அடி அடுக்காகக் கிடக்கிறது. கீழே இருந்த குழம்பு கொஞ்சம் கூடுதலாகச் சூடானது, இரும்பும் மக்னீசியமும் அதிகம், ஆகவே அடர்நிறம். அது பிறகு வந்து மேலே விழுந்தது. அதாவது, பாம்பேயில் கிடக்கும் நுரைக்கல் அடுக்கைத் தலைகீழாகத் திருப்பினால் கிடைப்பது வெசுவியஸின் மாக்மா அறை. நாம் போக முடியாத ஆழத்தின் படம் தெருவில் கிடக்கிறது.

அடுத்தது துளை. வெள்ளைக் கல் விழுந்த முதல் கட்டத்தில் துளையிலிருந்து கிளம்பிய சாம்பல் தூண் 25 கி.மீ. அளவுக்கு உயர்ந்தது, சாம்பல் நிறக் கல் விழுந்த இரண்டாம் கட்டத்தில் 30 கி.மீ.யையும் தாண்டியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த உயரத்தை அளந்து எழுதிவைத்த ஆள் யாரும் இல்லை. எவ்வளவு பெரிய கல் எவ்வளவு தூரத்தில் விழுந்திருக்கிறது என்று வயல் வயலாக அளந்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டது. ஒரே தூரத்தில் மேல் அடுக்கில் பெரிய கற்கள் கிடந்தால், தூண் உயர்ந்திருக்கிறது என்று பொருள். சாம்பல் நிற அடுக்கில் நுரைக்கல்லோடு சுண்ணாம்புப் பாறைத் துண்டுகளும் கிடக்கின்றன. வெசுவியஸுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ 2 கி.மீ. ஆழத்துக்குக் கீழேதான் தொடங்குகிறது. அந்தத் துண்டு வெளியே வந்திருக்கிறது என்றால், அந்த ஆழத்தில் குழாயின் சுவரோ அறையின் சுவரோ உடைந்திருக்கிறது.

அப்புறம் வந்தது அழிவு. துளை அகலமாகி, அளவுக்கு மீறிப் பொருள் வெளியேறியபோது, தூண் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் சரிந்தது. மேலே போக வேண்டிய சூடான சாம்பலும் வாயுவும் மலைச்சரிவில் தரையோடு தரையாகப் பாய்ந்தன. மேலே உள்ள பொடிச் சாம்பல் அடுக்குகள் அந்தப் பாய்ச்சல்கள் விட்டுப்போனவை. பாம்பேயில் கிடைத்த உடல்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நுரைக்கல் அடுக்கில் கிடைத்தன. அவர்களில் பெரும்பாலானவர்கள் கூரை இடிந்து இறந்தவர்கள். மற்றவர்கள் எல்லாரும் மேல் அடுக்கில் கிடைத்தார்கள். நுரைக்கல் மழைக்குத் தப்பி, நின்றுவிட்டது என்று நினைத்து வெளியே வந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். பாம்பேயின் புகழ்பெற்ற மனித வார்ப்புகள் இருக்கின்றனவே, அவை மேல் அடுக்கில் இருந்துதான் கிடைத்தன. பொடிச் சாம்பல் உடலைச் சுற்றி இறுகி அச்சுப் பிடித்தது, உடல் மக்கிய பிறகு உள்ளே வெற்றிடம் மிஞ்சியது. 1863இல் அங்கே அகழாய்வை நடத்திய ஃபியொரெல்லி அந்த வெற்றிடத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றி உருவத்தை எடுத்தார். சல்லி சல்லியாகக் கிடக்கும் நுரைக்கல் அடுக்கில் இந்த அச்சு விழாது.

"பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் இந்த நுரைக்கல்லே கிடையாது என்று படித்தேன். அதே எரிமலைதானே?"

காற்றுதான் காரணம். அன்றைக்கு வடமேற்கிலிருந்து காற்று அடித்து, தூணில் இருந்து விழுந்ததை எல்லாம் தென்கிழக்கே கொண்டுபோனது. மேற்கே, பாம்பேயைவிட எரிமலைக்குப் பக்கத்தில் இருந்த ஹெர்குலேனியத்தில் முதல் நாளில் விழுந்தது வெறும் சில சென்டிமீட்டர். ஆனால் தூண் சரிந்தபோது பாய்ந்து வந்தது அந்த ஊரையும் விடவில்லை, ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்துக்கு மூடிவிட்டது.

இதிலிருந்து வெட்டுப்படத்துக்கு ஒரு விதி கிடைக்கிறது. வானத்திலிருந்து விழுந்த அடுக்கு மேடு பள்ளம் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே தடிமனில் போர்த்தும். எரிமலையைவிட்டுத் தள்ளிப்போகப் போகச் சீராக மெலியும், கல்லின் அளவும் குறையும். ஓரிடத்தில் எடுத்துப் பார்த்தால் கற்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். பாய்ந்து வந்த அடுக்கு பள்ளத்தில் தடித்தும் மேட்டில் மெலிந்தும் கிடக்கும். அதில் பெரிய கல், பொடி எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும், சில இடங்களில் அலை அலையான கோடுகளும் தெரியும். ஆகவே மலையின் இரண்டு பக்கமும் அடுக்கைக் கண்ணாடிப் பிம்பம்போல ஒரே மாதிரி வரைவது சரியல்ல. காற்று கொண்டுபோன பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் போட்டு, காற்றின் திசைக்கு ஒரு அம்புக்குறி வைத்தால் படம் உண்மைக்கு நெருங்கிவிடும்.

"படத்தை அளவுத்திட்டத்தோடு சரியாக வரையச் சொன்னால் வரைய முடியுமா?"

ஒரு தாளில் முடியாது. போட்டுப் பாருங்கள். வெசுவியஸின் இன்றைய உயரம் 1,281 மீட்டர். அதை 5 செ.மீ. உயரமாக வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாக்மா அறை 8 கி.மீ. ஆழத்தில் இருந்தால், அது மலையின் அடிவாரத்துக்குக் கீழே 31 செ.மீ. தள்ளி வரும். ஏ4 தாளின் நீளமே 29.7 செ.மீ.தான், ஆக அறை தாளுக்கு வெளியே மேசைமேல் விழுகிறது. 30 கி.மீ. சாம்பல் தூணுக்கு மலைக்கு மேலே ஒரு மீட்டருக்கும் கூடுதலான தாள் வேண்டும். பாம்பேய் நகரம் வலப்பக்கம் 39 செ.மீ. தள்ளி நிற்கும். அந்த ஊரை மூடிய நுரைக்கல் அடுக்கு, மொத்தமும் சேர்த்து 2.8 மீட்டர் என்று கொண்டால், படத்தில் 0.1 மி.மீ. வரும். பென்சில் கோடே அதைவிடத் தடிமன்.

இதனால்தான் புத்தகப் படங்கள் அறையை மேலே இழுத்துவைக்கின்றன, அடுக்குகளைத் தடிமனாக்குகின்றன, குழாயை அகலமாக்குகின்றன. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. படத்துக்குக் கீழே "அளவுத்திட்டப்படி அல்ல" என்று எழுதிவிட்டால் போதும். எழுதாவிட்டால், மாக்மா அறை மலைக்குள்ளேயே இருக்கிறது என்ற நினைப்புப் பிள்ளைகளுக்கு நிலைத்துவிடும். கல்லூரிக்கு வந்த பிறகும் அது போகாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

"எரிமலைச் சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் மாதிரியா?"

பெயர் மட்டும்தான் ஒன்று. எரிந்து மிஞ்சியது அல்ல இது. குழம்புக்குள் கரைந்திருந்த வாயு, மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து குமிழியாகிறது. குமிழிகள் பெருகிக் குழம்பை நுரையாக்கிக் கடைசியில் சுக்குநூறாக்குகின்றன. அந்தக் குமிழிச் சுவரின் உடைந்த கண்ணாடித் துண்டுகளும் படிகத் துண்டுகளும்தான் சாம்பல். 2 மி.மீ.க்குக் கீழே உள்ளதைச் சாம்பல் என்கிறோம். நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரங்கள் கூர்மையாக வளைந்திருக்கும். தண்ணீரில் கரையாது. நனைந்தால் கனம் கூடிக் கூரையை அமுக்கும். விமான எஞ்சினுக்குள் போனால் உருகி ஒட்டிக்கொள்ளும். 1982 ஜூனில் ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. கீழே இறங்கிச் சாம்பலைவிட்டு வெளியே வந்த பிறகு மறுபடி ஓடின, விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது.

கால் தேய்க்க வாங்கும் பியூமிஸ் கல், இயற்கையானதாக இருந்தால், இதே நுரையின் உடையாத துண்டு. ஒன்றை வாங்கி உடைத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். குமிழிச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று தெரியும். சந்தையில் செயற்கைக் கல்லும் வருகிறது, அதில் துளைகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும்.

"யானைமலையும் திருப்பரங்குன்றமும் ஒரு காலத்தில் எரிமலையாக இருந்தவை என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?"

இல்லை. ஒத்தக்கடைப் பக்கம் போகும்போது யானைமலையின் பாறையைக் கிட்டே போய்ப் பாருங்கள். நுரைக்கல்லில் இருக்கும் குமிழித் துளை ஒன்றுகூட இருக்காது. சாம்பல் அடுக்கு கிடையாது. படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவை, வெளிர், அடர் பட்டைகள் வளைந்து வளைந்து ஓடும். வெளியே வந்து சட்டென்று ஆறிய பாறையில் படிகம் இவ்வளவு பெரிதாக வளர நேரம் இருக்காது. இது ஆழத்தில் மெதுவாக உருவான பாறை. மேலூர் பக்கத்துக் குவாரிகளில் புதிதாக வெட்டிய முகத்தில் இந்தப் பட்டைகள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அதோடு முடிந்துவிட்டால் பரவாயில்லை, இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மதுரை வட்டாரத்தின் நைஸ், சார்னோகைட் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறியவை. அவற்றில் உள்ள கனிமங்களை வைத்துப் பார்த்தால், அது நடந்த ஆழம் 20 கி.மீ.க்கும் மேல். அதற்கு மேலே இருந்த பாறை எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்தும் அரித்தும் போய்விட்டது. ஆகவே உங்கள் பையன் வரையும் எரிமலைப் படத்தில் மாக்மா அறைக்கும் கீழே, தாளின் விளிம்பைத் தாண்டி ஒரு பகுதி இருக்கும் இல்லையா? நாம் வீடு கட்டிக் குடியிருக்கும் தரை அந்த ஆழத்தைச் சேர்ந்தது. எரிமலை இல்லாத ஊர் என்பதால் நமக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டியதில்லை.

சில சமயம் வயலில், மின்கோபுரம் பக்கத்தில் கல் உருகிக் கிடந்தது, எரிமலை வருகிறது என்று பேச்சு கிளம்பும். உயர் அழுத்த மின்சாரம் தரையில் பாய்ந்தாலும் மின்னல் இறங்கினாலும் மண் உருகிக் கண்ணாடியாகும். அது சில அடிக்குள் முடிந்துவிடும். அடியில் அறை இருக்காது, குழாய் இருக்காது. கிட்டே போக வேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

"அப்படியானால் நம் நாட்டில் எரிமலைச் சாம்பல் அடுக்கை எங்கே பார்ப்பது?"

ஆந்திராவின் கர்நூல் பகுதியில் ஜ்வாலாபுரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மண்ணுக்கு நடுவே வெளிறிய சாம்பல் அடுக்கு கிடக்கிறது. அது இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் உள்ள டோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்தபோது பறந்து வந்தது. தூரம் 2,600 கி.மீ. அளவுக்கு இருக்கும். அந்த வெடிப்பில் அறை அவ்வளவு காலியானது, மேலே இருந்த நிலம் அப்படியே உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில்தான் இன்றைய டோபா ஏரி, ஏறத்தாழ 100 கி.மீ. நீளம். அப்படிச் சரிந்து உண்டாகும் பெரும்பள்ளத்தைக் கால்டெரா என்கிறோம். வெட்டுப்படத்தில் கூம்பே இல்லாத எரிமலையும் உண்டு என்பதற்கு இதுவே உதாரணம்.

ஜ்வாலாபுரத்தில் கவனிக்க வேண்டியது தடிமன். சில இடங்களில் சாம்பல் 2 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. டோபாவிலிருந்து அவ்வளவு சாம்பல் வானத்திலிருந்து விழுந்தது என்று எடுத்துக்கொண்டால் கணக்குத் தப்பாகிவிடும். நேரடியாக விழுந்தது அடியில் உள்ள சில சென்டிமீட்டர் மட்டும்தான். மேலே உள்ளது, சுற்றுவட்டாரச் சரிவுகளில் விழுந்ததை மழைநீர் அடித்துக்கொண்டு வந்து தாழ்ந்த இடத்தில் சேர்த்தது. அடி அடுக்கு சுத்தமாக, கலப்பில்லாமல் இருக்கும். மேல் அடுக்கில் வண்டலும் மணலும் கலந்து, தண்ணீர் ஓடிய மெல்லிய வரிகள் தெரியும். அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் மனிதர்களின் கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. சாம்பலின் வயது தெரிந்ததால், கருவிகளில் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல முடிந்தது.

உயிருள்ள எரிமலைக்கு அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவைத்தான் சொல்ல வேண்டும். நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி வெடித்தது. கடலுக்கு மேலே தெரிவது 350 மீட்டர் சொச்சம், மலையின் பெரும்பகுதி கடலுக்கு அடியில்.

"படத்தில் மார்க் குறைவது பெரும்பாலும் எதனால்?"

பூமிக்குள் இருப்பதற்கு லாவா என்று பெயர் எழுதுவதால். உள்ளே இருக்கும்வரை மாக்மா, துளையைத் தாண்டி வெளியே வந்தால் லாவா. அப்புறம், அடுக்குகளைக் கிடைமட்டமாகப் போடுவது. அவை துளையிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்க வேண்டும். பெயர்க்கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டக்கூடாது, எல்லாப் பெயரும் ஒரே பக்கத்தில் வந்தால் நல்லது.

"கண்காட்சிக்கு ஆப்பசோடா, வினிகர் வைத்து நுரை பொங்கும் எரிமலைதான் எல்லாரும் செய்கிறார்கள். வேறு ஏதாவது செய்யலாமா?"

அந்த மாடல் துளையை மட்டும் காட்டும். அறையையோ அடுக்கையோ காட்டாது. அடுக்கைக் காட்ட இப்படிச் செய்யலாம். ஓரம் உயர்ந்த ஒரு மீட்டர் நீள அட்டைத் தட்டை எடுத்து, ஒரு முனைக்குப் பக்கத்தில் தெர்மாகோல் கூம்பை ஒட்டுங்கள். தட்டில் அங்கங்கே களிமண்ணால் சின்ன மேடு, பள்ளம் வையுங்கள். கூம்பு இருக்கும் முனைக்குப் பின்னால் டேபிள் ஃபேனை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, கூம்புக்கு மேலே இரண்டடி உயரத்திலிருந்து வெள்ளைக் கோலமாவைச் சல்லடையில் சலியுங்கள். அப்புறம் கரித்தூள் கலந்து சாம்பல் நிறமாக்கிய கோலமாவை அதே மாதிரி சலியுங்கள். வாசலில் வைத்துச் செய்யுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் ஃபேனை நிறுத்திவிட்டு, மணலும் மாவும் கலந்த கலவையைக் கூம்பின் சரிவில் ஒரே வீச்சில் கொட்டுங்கள். அது பாய்ந்து வந்த அடுக்கு.

காய்ந்த மாவை வெட்டினால் சரிந்துவிடும். ஆகவே ஸ்பிரேயரால் பூப்போலத் தண்ணீர் தெளித்து நன்றாக ஈரமாக்கி, கொஞ்ச நேரம் விட்டு, ஸ்டீல் ஸ்கேலை நேராக இறக்கி நடுவில் வெட்டி ஒரு பாதியை எடுத்துவிடுங்கள். கூம்பிலிருந்து 10 செ.மீ.க்கு ஒரு தடவை வெள்ளை, சாம்பல் இரண்டின் தடிமனையும் அளந்து அட்டவணை போடச் சொல்லுங்கள். சலித்த இரண்டு அடுக்கும் களிமண் மேட்டின் மேலும் பள்ளத்திலும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்கும், தூரம் போகப்போக மெலியும். கொட்டிய அடுக்கு பள்ளத்தில் மட்டும் நிரம்பியிருக்கும். வெள்ளை அடியில் இருக்கிறதே, அறையில் அது எங்கே இருந்தது என்று நடுவர் கேட்டால், பிள்ளை மேலே என்று சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்லத் தெரிய வேண்டும்.